மூக்கில் உட்காராத கூலிங் கிளாஸ்

கேள்வி: காலிமுகத்திடலில் மாலை ஐந்து மணியளவில், கடலைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் மாமாவின் படத்தில் Photoshop வைத்து பிரவுண் நிறக் கூலிங் கிளாஸ் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் “ஒட்டின மாதிரி இருக்கு” என்கிறார்கள். நிழல் போட்டால் மை பூசியது போல ஆகிறது. எங்கே பிழை விடுகிறேன்?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: படத்துக்குள் ஓர் அளவுகோல் இல்லாமல் நிழல் போட்டிருக்கிறீர்கள். வளர்ந்த ஒருவரின் இரண்டு கண்மணிகளுக்கும் இடைத்தூரம் சராசரியாக 63 மில்லிமீற்றர். உங்கள் படத்தில் அது 630 பிக்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லிமீற்றருக்குப் பத்துப் பிக்சல். பிரேமின் முழு அகலம் சுமார் 140 மில்லிமீற்றர், அதாவது 1400 பிக்சல். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் மற்றதெல்லாம் ஊகம் இல்லாமல் நடக்கும்.

இனி நிழல். கன்னத்துக்கும் பிரேமின் கீழ் விளிம்புக்கும் இடையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும். ஐந்து மணிக்குக் கொழும்பில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகை உயரத்தில் நிற்கும். அந்தச் சாய்வில் விளிம்பின் நிழல் கன்னத்தில் 4 மில்லிமீற்றர் கீழே விழும். உங்கள் படத்தில் 40 பிக்சல். மூக்குப் பாலத்தில் கதை வேறு. பிரேமின் நடுத்துண்டுக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும், ஆகவே அங்கே நிழல் பத்துப் பிக்சல்கூட இறங்காது. மூக்குப் பட்டைகள் தோலைத் தொடுகின்ற இடத்தில் இறக்கமே இல்லை. ஆக, நிழல் பட்டையடியில் பிரேமோடு ஒட்டிப் பிறந்து, கன்னப்பக்கம் போகப் போகப் பிரேமை விட்டு விலக வேண்டும். நீங்கள் Drop Shadow போட்டிருப்பீர்கள். அது பிரேம் முழுவதையும் ஒரே தூரம் தள்ளி நிழல் போடும், மூக்கிலும் அதே 40 பிக்சல். கண்ணாடி மிதப்பது அதனால்தான்.

மை பூசிய நிறத்துக்குக் காரணம் கறுப்பு பிரஷ். முகத்துக்கு மேலே ஒரு Curves லேயர் வையுங்கள். அதன் மாஸ்க்கைக் கறுப்பால் நிரப்பி, நிழல் விழ வேண்டிய இடத்தை மட்டும் வெள்ளையால் தீட்டுங்கள். மாமாவின் மூக்கு கன்னத்தில் போட்டிருக்கும் உண்மையான நிழல் படத்திலேயே இருக்கிறது. நீங்கள் தீட்டிய இடம் அந்த நிழலின் கருமைக்கு வரும் வரை கோட்டை இறக்குங்கள். செம்மை குறைந்தால் சிவப்புச் சனலில் சற்று ஏற்றலாம். நிழல் சாயும் பக்கமும் மூக்கு நிழல் சாயும் பக்கமாகவே இருக்க வேண்டும். விளிம்பை 20 பிக்சலுக்கு Blur செய்யாதீர்கள்: நேர்வெயிலில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் தூரத்து நிழலின் மங்கல் ஒன்று, இரண்டு பிக்சல்தான். பட்டையடியில் மட்டும் இன்னொரு Curves லேயரில், இதைவிட இருண்ட, நாலைந்து பிக்சல் அகலக் கோடு ஒன்று போடுங்கள். கண்ணாடி மூக்கில் உட்காருவது அந்தக் கோட்டில்தான்.

லென்ஸுக்கு 50 வீதக் கறுப்பு போடுவது எல்லாரும் செய்யும் பிழை. வெயிலுக்குப் போடும் வழக்கமான கண்ணாடி 8 முதல் 18 வீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டு, திரும்பவும் அதே கண்ணாடி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். 15 வீதத்தில் 15 வீதம் என்றால் இரண்டு வீதத்துக்குச் சற்றுக் கூட. பக்கத்தாலும் மேலாலும் புகும் வெளிச்சம் இதைக் கொஞ்சம் கூட்டும். பிரவுண் லென்ஸுக்கு Multiply முறையில் R 60, G 48, B 40 அளவிலிருந்து தொடங்குங்கள். இமைமயிர் எண்ணக்கூடியதாகத் தெரிந்தால் லென்ஸ் வெளிறிவிட்டது. கண் இருக்கும் இடமே தெரியாவிட்டால் மிஞ்சிவிட்டது.

பிரதிபலிப்பில்தான் கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள். புறக்கோட்டையிலும் முகநூலிலும் “500 கூலிங் கிளாஸ் PNG” என்று விற்கும் பொதிகளில் ஏதோ ஒரு ஸ்டூடியோ விளக்குப்பெட்டி லென்ஸிலேயே பதிந்திருக்கும். காலிமுகத்திடலில் ஏது விளக்குப்பெட்டி? அதைவிட மோசம், ஒரு லென்ஸைச் செய்து மற்றதைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அப்படிச் செய்தால் சூரியன் ஒரு லென்ஸில் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் நிற்கும். இரண்டு லென்ஸும் பார்ப்பது ஒரே காட்சியைத்தான். காசு கொடுத்து வாங்கியிருந்தால் பிரேமை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு லென்ஸை எறிந்துவிடுங்கள்.

மாமாவின் லென்ஸில் தெரிய வேண்டியது அவருக்குப் பின்னால் இருக்கும் ஹோட்டல்கள் அல்ல, முன்னால் இருக்கும் கடல். கடலின் படம் ஒன்றைப் போனில் எடுத்து, Flip Horizontal செய்து, கடற்கோட்டை நடுவில் வைத்து Spherize போடுங்கள். லென்ஸின் கீழ்ப்பக்கம் கன்னத்தை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருப்பதால் கடற்கோடு லென்ஸின் மேல் பாதியில் விழும். அங்கே நகர்த்துங்கள். கமரா கண் உயரத்தில் இருந்தால் அந்தக் கோடு ஏறக்குறைய நேராகவே இருக்கும். சூரியன் மேல் விளிம்பை ஒட்டி, தனி லேயரில், நாலைந்து பிக்சல் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும். விளிம்பு மறைத்தால் விட்டுவிடுங்கள். இரண்டு மீற்றரில் நின்று படம் எடுத்தவரும் தெரிவார்: ஒவ்வொரு லென்ஸிலும் மூக்குப் பக்கமாக, நூறு பிக்சல் அகலத்தில் ஓர் இருண்ட உருவம்.

கண்ணாடியின் முன்பக்கம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 வீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். ஆகவே கடல் படத்தின் Levels-இல் Output-இன் வலது எல்லையை 60-க்கு இறக்கி, அந்த லேயரை Screen முறைக்கு மாற்றி, நிறம் போட்ட லேயருக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் வானமும் பிரவுணாகிவிடும். முன்பக்கத்தில் திரும்பும் வெளிச்சம் லென்ஸுக்குள் போவதே இல்லை.

மிரர் கிளாஸ் என்றால் இதற்கு முந்திய பந்தி முழுவதும் தலைகீழ், இதைச் சொல்லாவிட்டால் பிறகு என்னைத்தான் ஏசுவீர்கள். மிரர் பூச்சு வெளிச்சத்தில் பெரும்பங்கைத் திருப்பிவிடும். நீலப் பூச்சு என்றால் திரும்பும் காட்சியே நீலமாகும், ஆகவே அங்கே பிரதிபலிப்புக்கு நிறம் ஏற்றத்தான் வேண்டும். Screen-உம் வேண்டாம், Normal முறையில் 70, 80 வீதம் போடுங்கள். உள்ளே கண் தெரியாது. படம் எடுத்தவரின் உருவம் யார் என்று அடையாளம் காணும் அளவுக்கு வரும், அதனால் கடலின் படமும் கூர்மையாக இருக்க வேண்டும். பாதிப் பூச்சுப் போட்டவை இரண்டுக்கும் நடுவில்: மேலே மிரர், கீழே சாதாரணம். மாஸ்க்கில் மேலிருந்து கீழாக ஒரு Gradient போட்டு இரண்டு முறையையும் கலக்க வேண்டும்.

இவ்வளவும் மூலப்படம் இருந்தால்தான். ஓர்டர் பிடித்துத் தரும் ஆட்கள் வட்ஸ்அப்பில் படமாகவே தள்ளிவிட்டு “அரை மணித்தியாலத்தில் தாங்கோ” என்பார்கள். சுருங்கி வந்த படத்தில் கண்ணிடைத் தூரம் 63 பிக்சலாக இருந்தால் மூக்குப் பாலத்து நிழல் ஒரு பிக்சல். அதில் யாரும் எதுவும் செய்ய முடியாது. Document ஆக அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் வேலையை எடுக்காதீர்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது ஓட்டோ கரெக்ஷன் இல்லாமல் அடிக்கும்படி சொல்லுங்கள். கேட்காவிட்டால் மெஷின் லென்ஸை முகத்தின் இருட்டு என்று எடுத்து வெளிறச் செய்துவிடும்.