மார்ச் பில்லுக்கு அவசரப்படாதீர்கள்

"சார், கோவை கணபதியில் நானும் தம்பியும் கூட்டாக பம்ப் உதிரிபாகங்கள் செய்கிறோம். ஜி.எஸ்.டி. நீங்கலாக 20 லட்சத்துக்கு சி.என்.சி. லேத் பார்த்திருக்கிறோம். மார்ச் 31-க்குள் பில் போட்டால் முழுப் பணத்தையும் இந்த வருட லாபத்தில் கழிக்கலாம் என்கிறார் ஏஜென்ட். நிஜமா?"

இல்லைங்க. முதல் வருடமே முழு விலையையும் கழிக்கும் சலுகை பிரிட்டனில் கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து உண்டு. நம் சட்டம் சாதாரண இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம்தான் தருகிறது, அதுவும் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல். வெறும் 15 சதவீதத்தில் போனால் ஐந்து வருடம் கழித்தும் விலையில் 44 சதவீதம் கணக்கிலேயே கிடக்கும். அதற்குள் கடன் தவணை முடிந்திருக்கும். பட்டறைக்காரருக்கு இது நியாயமே இல்லை.

உங்களைப் போன்ற உற்பத்தியாளருக்கு, புது இயந்திரம் என்றால், முதலில் கூடுதலாக 20 சதவீதம் உண்டு. மொத்தம் 35, அதாவது 7 லட்சம். கூட்டு நிறுவனத்துக்கு வரி செஸ்ஸோடு 31.2 சதவீதம் என்பதால் சுமார் 2.18 லட்சம் மிச்சம். ஆனால் அந்த வருடத்தில் 180 நாளாவது இயந்திரம் பயன்பாட்டில் இருக்க வேண்டும். அக்டோபர் 3-க்குள் ஓடத் தொடங்கினால்தான் அது முடியும். மார்ச்சில் ஓட்டினால் பாதிதான்: 3.5 லட்சம் கழிவு, வரியில் 1.09 லட்சம். கூடுதல் தேய்மானத்தின் மறுபாதி, 2 லட்சம், அடுத்த வருடம் வரும்.

பில் தேதி மட்டும் போதாது. இயந்திரம் ஜூனில் வந்திறங்க, மார்ச் 30 தேதியிட்டு பில் வாங்கிக் கணக்கில் ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். லாரி ரசீதும் இ-வே பில்லும் ஒரே கேள்வியில் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் வரியோடு வட்டியும் அபராதமும் கட்ட வேண்டியது நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். அந்த 20 சதவீதம் பழைய இயந்திரத்துக்குக் கிடையாது. வெளிநாட்டில் ஓடியது இங்கே முதல்முறையாக வந்தாலும் கிடையாது. இறக்குமதி செய்த பழைய லேத்துக்குப் பெயின்ட் அடித்து, "புதுசு மாதிரி" என்று விற்கும் புரோக்கர்கள் நம்மூரில் உண்டு. பில்லில் 'புதியது' என்று எழுதித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெயர்த்தகட்டில் தயாரிப்பு ஆண்டையும் வரிசை எண்ணையும் பாருங்கள். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடமே கேட்டுச் சரிபாருங்கள். கன்ட்ரோல் திரையில், இதுவரை ஓடிய மணிநேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சோதனை ஓட்டத்துக்குச் சில மணிநேரம் இருப்பது சரி; ஆயிரக்கணக்கில் இருந்தால் அது பழசு.

இந்த மார்ச்சிலேயே ஆர்டர் இருக்கிறது, லேத் வந்தால் அன்றே ஓடும் என்றால் வாங்குங்கள். வரிக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஏப்ரலுக்குப் பின் வாங்கி அக்டோபருக்கு முன் ஓடவிட்டால் அந்த வருடமே முழு 7 லட்சம் கழியும். எப்போது வாங்கினாலும், பொருத்திய தேதியோடு சர்வீஸ் இன்ஜினீயர் கையெழுத்திட்ட அறிக்கையையும், முதலில் அதில் செய்த பாகத்தின் பில்லையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.