ஐந்தாண்டு இடைவெளிக்கு மூன்று வாக்கியம்

உங்கள் சுயவிவரக் குறிப்பையும், நேர்காணலுக்கென்று எழுதி வைத்திருக்கும் பதிலையும் படித்தேன். கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டு வேலை. பிறகு, பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவுக்காக ஐந்து ஆண்டு வீட்டில். பதில் ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. ‘துரதிர்ஷ்டவசமாக’ இரண்டு முறை, ‘வேறு வழியில்லாமல்’ மூன்று முறை வருகின்றன. அப்பாவின் மாத்திரைப் பெயர்கள்கூட இருக்கின்றன.

எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு சந்தேகங்கள்தான் இருக்கும். மறுபடியும் பாதியில் போய்விடுவாரா? வேலை மறந்து போயிருக்குமா? உங்கள் ஒன்றரைப் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஐந்து ஆண்டுகள் அவரை முழுநேரமும் நான் கவனித்துக்கொண்டேன். இப்போது பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார், அதனால் முழுநேர வேலைக்கு வருகிறேன். நான்கு மாதமாக ஒரு சிறு கடைக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன், வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் நான்தான்.”

இவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகாது. இரண்டாவது வாக்கியம் முதல் சந்தேகத்துக்கு, மூன்றாவது அடுத்ததற்கு. சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடினமான பகுதி அதுதான். அறை அமைதியானதும் “ஆனாலும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்” என்று நாக்கு தானாக நீளும். மன்னிப்புக் கேட்கும் தொனி நுழைவது அந்த இடத்தில்தான். கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள்: மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு ஏதாவது காதில் விழுந்தால் அதை வெட்டுங்கள்.

இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். பகலில் ஆள் இன்னும் அமையவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள், அல்லது பகுதிநேர வேலையாகவே கேளுங்கள். இல்லாத ஏற்பாட்டைச் சொன்னால், வீட்டிலிருந்து அவசர அழைப்பு வரும் முதல் நாளே வெளிப்பட்டுவிடும்.

சுயவிவரக் குறிப்பில் ஆண்டுகளை நீக்கிவிட்டுத் திறமைகளை மட்டும் அடுக்கியிருக்கிறீர்கள். ஆட்களைத் தேர்வு செய்பவர் கண் முதலில் தேதிகளைத்தான் தேடும். இல்லையென்றால் எதையோ மறைப்பதாக நினைப்பார். வேலைகளின் வரிசையிலேயே, உரிய ஆண்டுகளோடு ‘முழுநேரக் குடும்பப் பராமரிப்பு’ என்று ஒரே வரி போடுங்கள். லிங்க்ட்இன் தளத்திலும் பணி இடைவெளியைத் தனிப் பதிவாகச் சேர்க்கலாம், 2022 முதல் அந்த வசதி இருக்கிறது. பராமரிப்பு அதில் ஒரு வகை. ‘இல்ல நிர்வாக இயக்குநர்’ போன்ற பட்டங்கள் மட்டும் வேண்டாம். கூச்சத்துக்குக் கோட்டு மாட்டிவிட்டதுபோல இருக்கும், கேட்பவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

சிலர் அக்கறையாக “அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?” என்று கேட்பார்கள். “நிலையாக இருக்கிறார், நன்றி. இங்கே மாதக் கணக்கை எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள்?” என்று கேளுங்கள். பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும்.