மேகங்கள் மோதி மழை வருவதில்லை

அன்புள்ள அக்கா,

பெரியவர்களுக்கு எழுதப்பட்ட அறிவியல் பத்திகளைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக எளிமையாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை அனுப்புகிறேன்.

மூலம்: “கடல், ஏரி, ஈர மண் ஆகியவற்றிலிருந்து ஆவியாகும் நீர், காற்றோடு கலந்து மேலெழுகிறது. உயரே அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. அப்போது நீராவி, காற்றிலுள்ள நுண்துகள்களின் மேல் படிந்து துளிகளாகிறது. இத்துளிகள் மோதி இணைந்து, மேலெழும் காற்றால் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாகும்போது மழையாக விழுகின்றன.”

என் வடிவம்: “சூரியன் கடல் நீரைச் சூடாக்குகிறது. நீர் ஆவியாகி வானத்துக்குப் போகிறது. அங்கே குளிராக இருப்பதால் மேகமாக மாறுகிறது. மேகங்கள் ஒன்றோடு ஒன்று மோதும்போது மழை பெய்கிறது.”

‘ஆவியாதல்’ போன்ற கலைச்சொற்களை வைத்துக்கொள்ளலாமா? காற்றைப் பஞ்சுக்கு ஒப்பிட்டு ஒரு வரி சேர்க்கலாமா? மூலத்தைவிட நீளமாகக் கூடாது என்று வைத்திருக்கிறேன், அதனால் ஒன்றிரண்டு நுணுக்கம் பிசகலாம். பெரிய வகுப்புக்குப் போனால் சரிசெய்துகொள்வார்கள்தானே?

செல்வி

அன்புள்ள செல்வி,

கலைச்சொல் இருக்கட்டும், பத்து வயதுப் பிள்ளைக்குப் புதுச் சொல் பிடிக்கும். பஞ்சு வேண்டாம், அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பெரிய வகுப்புக்குப் போனால் சரிசெய்துகொள்வார்கள் என்கிறீர்களே, எந்த வகுப்பில்? மேலே உள்ள வகுப்பில் யாராவது, “மேகங்கள் மோதி மழை வரும் என்று படித்தீர்களே, அதை அழித்துவிடுங்கள்” என்று சொல்லித்தருகிறார்களா? அங்கே பாடம் வேறு இடத்திலிருந்து தொடங்கும். பழையது அடியில் அப்படியே கிடக்கும். படித்து வேலைக்குப் போய்ப் பிள்ளை பெற்றவர்களிடம் மழை எப்படி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். மேகங்கள் மோதுகின்றன என்று சொல்பவர்கள் நிச்சயம் கிடைப்பார்கள். அவர்களுக்கு அது யாரோ ஒருவர் பத்து வயதில் எளிமையாக்கிக் கொடுத்ததுதான்.

என் அண்ணன் மகள் இப்படி ஒரு பத்தியைப் படித்துவிட்டு வந்து, “அத்தை, வானத்தில் ஒரே ஒரு மேகம் இருந்தால் மழை பெய்யாதா?” என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! அவள் அந்த வாக்கியத்தை நம்பினாள், நம்பியதை வைத்து அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று யோசித்தாள். அறிவியலில் செய்ய வேண்டியது அதுதானே. ஆனால் வாக்கியம் தப்பு, அதனால் அவள் யோசித்து வந்துசேர்ந்த இடமும் தப்பு. தனியாக நிற்கும் ஒரு மேகத்திலிருந்து தாராளமாக மழை கொட்டும். பக்கத்தில் இன்னொரு மேகம் வந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகலாம். மழைக்கு அந்தச் சந்திப்பு தேவையே இல்லை.

இப்போது உங்கள் மூலப்பத்தியைத் திரும்பப் படியுங்கள். அதில் மோதுவது யார்? துளிகள். “இத்துளிகள் மோதி இணைந்து” என்று தெளிவாக இருக்கிறது. நீங்கள் மூன்றாவது வாக்கியத்தைச் சுருக்கும்போது துளிகளை எடுத்துவிட்டீர்கள். நான்காவது வாக்கியத்துக்கு வந்தபோது மோதுவதற்கு ஆள் இல்லை, கைக்குக் கிடைத்தது மேகம், அதைப் போட்டுவிட்டீர்கள். எளிமையாக்கும்போது நுழையும் பிழைகளில் நான் அதிகம் பார்த்தது இந்த வகைதான். அறிவியல் தெரியாததால் வருவதில்லை இது. ஒரு வாக்கியத்தில் வெட்டிய பொருள் பின்னால் வரும் வாக்கியத்தில் எழுவாயாகத் தேவைப்படும், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வெட்டி முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லாக எடுத்து, இதைச் செய்வது யார் என்று மூலத்தோடு ஒத்துப்பாருங்கள். ஆவியாவது யார், விரிவது யார், குளிர்வது யார், மோதுவது யார், விழுவது யார்.

அப்படிப் பார்த்தால் உங்கள் மூன்றாவது வாக்கியமும் நிற்காது. “அங்கே குளிராக இருப்பதால்” என்றால், மேலே குளிர்ந்த இடம் ஒன்று இருக்கிறது, நீராவி அதற்குள் போய்க் குளிர்கிறது என்று பிள்ளை நினைக்கும். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் மேலே போனால் சூரியனுக்குப் பக்கமாகத்தானே போகிறோம், சூடாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கும், உங்கள் பத்தியில் அதற்குப் பதிலே இல்லை. மூலம் வேறொன்றைச் சொல்கிறது. மேலே போகும் காற்று அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது, விரிவதால் அதுவே குளிர்ந்துவிடுகிறது, ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ். நீங்கள் அழுத்தம் கடினமென்று பயந்து காரணத்தையே மாற்றிவிட்டீர்கள். அழுத்தத்தை விட்டுவிடுங்கள், பரவாயில்லை. “மேலே போகப் போகக் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது” என்று எழுதினால் போதும். ஏன் விரிகிறது என்பது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் வரும் ஆசிரியர் இதன்மேல் அழுத்தத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், எதையும் பிடுங்க வேண்டியதில்லை. உணர்ந்து பார்க்க வேண்டுமானால் சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டு விரலைக் காட்டச் சொல்லுங்கள், சில்லென்று இருக்கும். உதட்டைக் குவித்து ஊதச் சொல்லும் சோதனையைத் தயவுசெய்து போடாதீர்கள். அந்த மூச்சு குளிர்ச்சியாகத் தெரிவது, அது அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு வேகமாகத் தோலில் படுவதால். காற்று விரிவதற்கு அது சாட்சி ஆகாது.

நுண்துகள்களை நீங்கள் விட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். உப்பு, தூசு, புகையின் துணுக்குகள் இல்லாமல் மேகத்துளி உருவாவது மிகக் கடினம், உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்லாமல் விட்டதால் உங்கள் பத்தியில் எதுவும் பொய்யாகவில்லை. விடுவதற்கும் மாற்றுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு உங்களுக்குள் பதிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும்.

நான் எழுதப் பழகியது ஒரு சிறுவர் இதழில். அங்கே ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார், இப்போது இல்லை. எளிமையாக்கிய பத்தியை நாங்கள் கொடுத்தால் அதை அவர் திருத்த மாட்டார். மூலத்தைக் காட்டாமல், ஒரு விளக்கமும் சொல்லாமல் அந்தத் தாளை மட்டும் ஓவியரிடம் கொடுத்து, “இதில் இருப்பதை மட்டும் வரை” என்பார். ஓவியர் அறிவியல் படிக்காதவர், அதனால்தான் அவரிடம் கொடுத்தார். மழையைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுத்த பத்திக்கு முட்டிக்கொள்ளும் இரண்டு மேகங்கள் வந்தன, இரண்டுக்கும் கோபமான முகம், நடுவிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கடலிலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாக ஏறி நேராக மேகத்துக்குள் போகிறது. ஓவியர்மேல் எந்தத் தப்பும் இல்லை, பத்தியில் இருந்தது அதுதான். படத்தில் எங்கே தவறு வருகிறதோ அங்கேதான் பத்தியில் ஓட்டை என்று அவர் எங்களுக்குக் காட்டினார். ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபிறகு யாரும் அதே பத்தியைத் திரும்ப நீட்டவில்லை. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், உங்கள் கடிதம் வந்த அன்றும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஓவியர் யாரையும் தேட வேண்டாம், பத்து வயதுப் பிள்ளைகள் மூன்று பேரிடம் பத்தியைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். “புரிந்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள். தப்பாக எழுதியிருந்தாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், தப்பு நன்றாகவே புரியும்.

அந்த வெள்ளைப் புகையை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கை ஒட்டி ஒரு சிறு வெற்றிடம்போலத் தெரியும் பாருங்கள், நீராவி அங்கே இருக்கிறது. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது ஏற்கெனவே குளிர்ந்து துளியானது. மேகமும் அப்படித்தான், துளிகளாலோ பனிப் படிகங்களாலோ ஆனது, ஆவியால் ஆனதல்ல. “நீர் ஆவியாகி… மேகமாக மாறுகிறது” என்று துளியைத் தாண்டிக் குதித்ததால் மேகம் என்பது ஆவி என்று பிள்ளை முடிவுகட்டும். உங்கள் முதல் வாக்கியத்திலும் சின்ன ஆபத்து உண்டு. சூரியன் சூடாக்கினால்தான் ஆவியாகும் என்று எடுத்துக்கொண்டால், இரவில் நிழலில் கிடக்கும் ஈரத்துணி எப்படிக் காய்கிறது?

சரி, நானே எழுதிப் பார்த்தேன்:

“கடலிலிருந்தும் ஏரியிலிருந்தும் ஈர மண்ணிலிருந்தும் நீர் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வெயில் அடித்தால் இது வேகமாக நடக்கும். நீராவி நம் கண்ணுக்குத் தெரியாது. அது கலந்த காற்று மேலே போகும்போது விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. நன்றாகக் குளிர்ந்ததும் நீராவி மிகச் சிறிய நீர்த்துளிகளாக மாறுகிறது. இப்படிப்பட்ட துளிகள் ஏராளமாகச் சேர்ந்திருப்பதைத்தான் மேகம் என்கிறோம். மேகத்துக்குள் துளிகள் ஒன்றோடு ஒன்று மோதிச் சேர்ந்து பெரிதாகின்றன. ஒரு மழைத்துளிக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகளின் நீர் இருக்கும். மேலே ஏறும் காற்றால் தாங்க முடியாத அளவுக்குத் துளி பெரிதானதும் அது மழையாக விழுகிறது.”

பத்து லட்சம் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. மேகத்துளியின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர், மழைத்துளி 2 மில்லிமீட்டர் என்று வையுங்கள், விட்டம் 100 மடங்கு என்றால் கன அளவு 100 × 100 × 100. அந்தச் சின்னத் துளியும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் போல. ஏறிவரும் காற்று அதைச் சுலபமாகத் தாங்கிவிடும். 2 மில்லிமீட்டர் துளி நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் விழும். பனிப் படிகங்களாகத் தொடங்கி, கீழே வரும் வழியில் உருகி மழையாவதும் உண்டு. உங்கள் மூலத்தில் அது இல்லை என்பதால் நானும் விட்டேன். ஆனால் “மழை இப்படி மட்டும்தான் வரும்” என்று பொருள்படும் எந்தச் சொல்லையும் சேர்க்கவில்லை, கவனியுங்கள்.

என் பத்தி உங்கள் மூலத்தைவிட நீளம். இருக்கத்தான் செய்யும். பெரியவர்கள் தாமே நிரப்பிக்கொள்ளும் இடங்களைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, நான்கு வரியில் இருந்தது ஒன்பது வரியாகிறது. இடம் இல்லையென்றால் மேகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மழையை அடுத்த பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கதையின் பாதியைச் சொல்லுங்கள், சொல்வதை முழுதாகச் சொல்லுங்கள். நடுவில் உள்ள இணைப்பை உருவித் தொடக்கத்தையும் முடிவையும் ஒட்டவைக்காதீர்கள்.

பஞ்சு: காற்று நீராவியை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை, குளிர்ந்தால் பிழிந்து விடுவதும் இல்லை. நீரிலிருந்து மூலக்கூறுகள் வெளியேறுவதும் திரும்பி வந்து ஒட்டுவதும் எப்போதும் நடக்கிறது. குளிர்ந்தால் வெளியேறுவது குறைந்து, திரும்பி வந்து ஒட்டுவது மிஞ்சுகிறது. சுற்றிலும் காற்றே இல்லாவிட்டாலும் இது ஏறக்குறைய இப்படியேதான் நடக்கும். பத்து வயதுக்கு இது வேண்டாம், அதனால் பஞ்சும் வேண்டாம், “குளிர்ந்ததும் துளியாகிறது” என்பதோடு விடுங்கள்.

அப்புறம், அச்சுக்குப் போகும்போது படம் வரைபவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்: கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே வெள்ளைப் புகை கூடாது, அம்புக்குறி போதும்.