ஊறிப் போனதும் ஸ்டார்ட் செய்ததால் போனதும்

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு. மழையில், பார்க்கிங்கில் நின்ற காருக்குள் சீட் வரை தண்ணீர். வடிந்த மறுநாள் ஸ்டார்ட் செய்தேன், 'டக்' என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. பில் 3,10,000 ரூபாய். பம்பர் டு பம்பர் பாலிசி இருந்தும் 85,000தான் தருவோம், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரை எடுக்காததால் இன்ஜின் வேலை 2,25,000 கிடையாது என்கிறது கம்பெனி. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் முழுத் தொகையையும் கேட்டுப் போகாதீர்கள்.

உங்கள் பாலிசியில் வெள்ளம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கும். அதனால்தான் சீட், கார்ப்பெட், வயரிங்குக்குப் பணம் தர ஒப்புக்கொள்கிறார்கள். அதே பாலிசி, தொடர் விளைவாக வரும் இழப்பையும் இயந்திரக் கோளாறையும் விலக்கி வைக்கிறது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீர் சும்மா கிடந்தால் கனெக்டிங் ராடு வளையாது. சாவியைத் திருப்பியதும் பிஸ்டன் மேலே ஏறுகிறது, தண்ணீரோ அமுங்காது, ராடு வளைகிறது. ராடை வளைத்தது வெள்ளமல்ல, ஸ்டார்ட் செய்ததுதான் என்பது கம்பெனியின் வாதம். இன்ஜின் புரொடெக்ட் விற்கப்படுவதே இந்த ஓட்டையை அடைக்கத்தான். பம்பர் டு பம்பர் என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். அது தேய்மானத்துக்குப் பிடிக்கும் தொகையை மட்டும்தான் தடுக்கும்.

சரி, உங்களுக்கு வழி எங்கே? நீங்கள் அனுப்பிய பில்லில் ராடு, பிஸ்டன், பிளாக், அதற்கான கூலி எல்லாம் சேர்ந்து 1,63,000. மீதி 62,000 ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், சென்சார்கள், ஆயில் வடித்துக் கழுவிய கூலி. இவை தண்ணீரில் ஊறிக் கெட்டவை. சாவியைத் தொடாமலே இருந்திருந்தாலும் இந்தச் செலவு வந்திருக்கும். 'இன்ஜின் வேலை' என்ற ஒரே தலைப்பில் இவற்றையும் சேர்த்துத் தள்ளியது தவறு. விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான்.

முதலில், சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பாகமும் எதனால் கெட்டது என்று அவர் பிரித்து எழுதாமல் விட்டிருந்தால் அது உங்களுக்குச் சாதகம். ஸ்டார்ட் செய்ததை மட்டும் மறைக்காதீர்கள், வளைந்த ராடே சொல்லிவிடும்.

அப்புறம், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு 62,000ஐத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டி எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை (என் பிழைப்புக்கு நல்லதல்ல, ஆனாலும் உண்மை). கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். இந்தத் தொகைக்கு முதலில் ஆம்பட்ஸ்மேனே போதும்.

85,000க்கான வவுச்சரில் 'முழு மற்றும் இறுதித் தீர்வாக' என்று இருந்தால் அப்படியே கையெழுத்திடாதீர்கள். 'மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள்.