தக்காளி அடி கருகுதா? மருந்துக்கடைக்கு ஓடாதீங்க

கேள்வி: உச்சிப்புளி பக்கம் மணல் காட்டுல தக்காளி போட்டிருக்கேன். காய் நெல்லிக்கா அளவைத் தாண்டினதும் அடிப்பக்கம் கருத்து, தோல் மாதிரி காஞ்சு அமுங்கிப்போகுது. கிணத்துத் தண்ணி லேசா உப்பு, மூணு நாளைக்கு ஒருக்கா பாய்ச்சுறேன். கடைக்காரர் சொன்ன பூஞ்சாண மருந்தும் அடிச்சாச்சு, கால்சியம் ஸ்ப்ரேயும் அடிச்சாச்சு. நிக்கல. என்ன செய்ய?

பதில்: அந்தப் பூஞ்சாண மருந்த நிறுத்துங்கண்ணே, இது நோயே கிடையாது. பூ உதிர்ந்த முனையில மட்டும் ஆரம்பிச்சா இது கால்சியம் கோளாறு, மேல படர்ற கருப்புப் பூசணம் அப்புறமா வந்து உக்காந்தது. கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும், மருந்து வித்தாத்தான அவருக்குக் காசு.

மண்ணுல கால்சியம் இல்லன்னும் நினைச்சிராதீங்க, சிப்பித்தூள் கிடக்குற கடக்கரை மணல்ல பெரும்பாலும் அது இருக்கும். காய்க்குப் போய்ச் சேரல, அதான் விஷயம். வேர் உறிஞ்சுற தண்ணியோடதான் கால்சியம் மேல ஏறும், அந்தத் தண்ணி போறது எங்க ஆவியாகுதோ அங்க, அதாவது இலைக்கு. காய்த்தோல்ல மெழுகு, ஆவியாக வழியில்ல, அதனால காய்க்கு வர்றது கொஞ்சம், அதுலயும் கடைசி முனைக்கு இன்னும் கம்மி. இலையில இறங்குன கால்சியம் திரும்பி பஸ் ஏறாது, அங்கயே தங்கிரும், அதான் இலைமேல அடிச்ச ஸ்ப்ரே காய்க்குப் போகல. காய் பிடிச்ச முதல் ரெண்டு வாரம் வேகமா ஊதும், அப்ப கால்சியம் பத்தலன்னா செல்லு உடைஞ்சு கருகிரும்.

உங்க காட்டுல ரெண்டு இடி. மணல்ல தண்ணி நிக்காது, மூணாவது நாள் செடி வாடும், கச்சான் காத்து வேற அடிச்சா கேக்கவே வேணாம். உப்புத்தண்ணின்னா வேருக்கு உறிஞ்சுறதே கஷ்டம், சோடியம் வேற போட்டிக்கு நிக்குது. அதனால தினமும் காலையில கொஞ்சங்கொஞ்சமா விடுங்க, சொட்டுநீர் இருந்தா நல்லது, செடியடியில தென்னந்தோகையோ வைக்கோலோ மூடுங்க. மோட்டார ஒரேயடியா ஓட்டாதீங்க, கடக்கரையில மேல மிதக்குற நல்லதண்ணி தீந்தா கீழ உள்ள உப்பு ஏறிரும். யூரியா இப்போதைக்கு வேணாம், இலை கொழுத்தா தண்ணியெல்லாம் அதுவே இழுக்கும், யூரியாவுல வர்ற அமோனியமும் கால்சியத்த வேர்ல தடுக்கும்.

ஜிப்சம் பத்தி ஒன்னு சொல்லணும், ஏன்னா எல்லாரும் மூட்டை மூட்டையா கொட்டுறாங்க. மண்ணுல வெறும் உப்பு மட்டும்னா ஜிப்சமும் இன்னொரு உப்புதான், கூடுதல் சுமை. ஆனா சோடியம் ஏறி களர் ஆன மண்ணா இருந்தா, அதாவது தண்ணி இறங்காம மேல தேங்கி காஞ்சதும் இறுகுற மண்ணா இருந்தா, அங்க ஜிப்சம் போட்டு நல்ல தண்ணி விட்டு அலசினா சோடியம் வெளியேறும், கால்சியம் கிடைக்கும். உங்க மணலுக்கு அது தேவைப்படுற மாதிரி தெரியல. மண்ணு, தண்ணி ரெண்டையும் டெஸ்ட் பண்ணிருங்க, ஆனா ரிப்போர்ட் வர்றதுக்குள்ள தக்காளி முடிஞ்சிரும், வந்தாலும் வெறும் நம்பர்தான், விளக்க ஆள் இருக்காது, அது லேப்காரங்க பாணி. அதுல தண்ணியோட உப்பு அளவைக் காட்டுற ஈசி 2 dS/m-க்கு மேலன்னா தக்காளிக்குக் கஷ்டம், மழைத்தண்ணி கலந்து விட முடியுமான்னு பாருங்க.

கருகுன காய் தேறாது, பறிச்சுப் போட்ருங்க. இனிமே பிடிக்குற கொத்துல கருப்பு குறையுதான்னு மட்டும் கவனிங்க.