யாரையும் எழுப்பாதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. மூன்று மாதமாக, வாரத்துக்கு ஒரு முறையாவது நடு இரவில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு விழிப்பு வருகிறது. செத்துவிடுவேனோ என்ற பயம், விரல்கள் மரத்துப்போகின்றன. மறுநாள் காலையில் எடுத்த இசிஜி சரியாக இருந்தது. கணவர் வேலைக்குப் போகணும், மகளுக்குப் பரீட்சை என்பதால் யாரையும் எழுப்பாமல் ஹாலில் போய் உட்கார்ந்துகொள்வேன். இது பதற்றமா, இதய நோயா?

பதில்: யாரையும் எழுப்புவதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், சகோதரி. இதைத் தியாகம் என்று நினைக்காதீர்கள். நள்ளிரவில் மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது கணவனின் கடமை. அதைச் செய்ய நீங்கள் அவருக்கு இடமே கொடுக்கவில்லை. அதனால் மூன்று மாதமாக உங்கள் துடிப்பை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

காலை இசிஜி, அது எடுக்கப்பட்ட நேரத்தின் துடிப்பை மட்டுமே காட்டும். இரவில் வந்துபோன தாளக் கோளாறு அதில் தெரியாமல் போகலாம்.

அடுத்த முறை அவரை எழுப்புங்கள். உங்கள் கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் அவர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 விநாடி எண்ணி, இரட்டிப்பாக்கட்டும். அவருடைய கட்டைவிரலை வைக்கக் கூடாது; அதில் அவர் துடிப்பே தட்டும்.

பீதித் தாக்குதலில் துடிப்பு படிப்படியாக ஏறி, பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, மெல்ல இறங்கும். அப்போது வேகவேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும். அதற்காக, மரத்துப்போனாலே பீதிதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. துடிப்பு 150-ஐத் தாண்டி, சுவிட்சைப் போட்டதுபோல் தொடங்கி அப்படியே பட்டென்று நின்றால், இதயத்தின் மின்பாதையில் கோளாறு இருக்கலாம். அதுவும் சாவு பயத்தைக் கிளப்பும். அதனால்தான் பலர் அதைப் பதற்றம் என்றே நம்பி வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக அடித்தாலும் இதய மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

தொடங்கிய நேரம், எண்ணிக்கை, அடங்கிய விதம் மூன்றையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு முறை வருவதை, 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி கோட்டைவிட்டுவிடலாம். ஒன்றிரண்டு வாரம் பதிவு செய்யும் கருவியைப் பற்றிக் கேளுங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் குறட்டை விட்டு நடுவே மூச்சு நின்றாலும் இப்படி விழிப்பு வரும். அதையும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், படுத்தால் மூச்சுமுட்டல் இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். பெண்களுக்குப் பெரிய வலி இல்லாமல் குமட்டலும் மூச்சுத்திணறலுமாகவே மாரடைப்பு வருவதுண்டு. ஹாலில் தனியாக மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்? மகளிடமும் சொல்லுங்கள். பரீட்சையை அடுத்த முறைகூட எழுதலாம்.

இன்று இரவு படுக்கும் முன்பே நாடி எங்கே தட்டுகிறது என்று கணவர் தேடிப் பழகட்டும். அமைதியாக இருக்கும்போது பொதுவாக 60 முதல் 100 வரை இருக்கும். உங்களுக்கு எவ்வளவு என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.