ஓய்வுக்குப் பிறகு பழைய வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம்: கேள்வி பதில்

குருநகர் வாசகர்: 27 வருசம் ஐஸ் தொழிற்சாலை முகாமையாளரா இருந்து ஓய்வெடுத்திட்டன். எங்களிட்டை ஐஸ் எடுத்த நண்டு ஏற்றுமதிக்காரர் இப்ப சொந்தமா ஐஸ் செய்யிறார். பகுதிநேர ஆலோசகரா வாறன் எண்டு நாலு பக்கம் எழுதி வைச்சிருக்கிறன். அனுப்பலாமோ?

பதில்: ஒரு பக்கம் போதும், ஐயா. உங்கட 27 வருசம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்றை எழுதுங்கோ. கட்டியை உடைச்சால் நடுவில் தண்ணி நின்றால், உப்புநீர்த் தொட்டியில் இறக்கின அச்சை நேரத்துக்கு முன்னம் தூக்கியிருக்கினம். நடு வெள்ளையாக இருந்தால் அது தண்ணியில் இருந்த காற்றும் உப்பும். கட்டி முழுக்க உறைஞ்சுதான் இருக்கு. புது ஆக்கள் இரண்டையும் ஒன்றென்று நினைச்சு, உப்புநீர்த் தொட்டியை இன்னும் குளிரவிடுவினம். மின்சாரப் பில்தான் ஏறும். இதைச் சொல்லிவிட்டு இப்படி எழுதலாம்:

"உங்கள் தொட்டியையும் கட்டியையும் பார்த்து, அச்சுத் தூக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தித் தர விரும்புகிறேன். கிழமையில் இரண்டு நாள், காலை 6 முதல் 10 மணிவரை, முதலில் 3 மாதம். நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம். தொகையை நேரில் பேசுவோம். வேலையாட்களுக்கு நான் உத்தரவிடமாட்டேன். கண்டதை உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்வேன்."

கடைசி இரண்டு வரியையும் விட்டுவிடாதேங்கோ. பழைய முகாமையாளர் உள்ளே வந்தால் முதலில் பயப்படுகிறவர் அந்த மேற்பார்வையாளர்தான்.

சாவகச்சேரி வாசகர்: காசைப் பற்றிக் கடிதத்திலை மூச்சே விடக் கூடாது. பழகின உறவு முறிஞ்சுபோம்.

பதில்: தொகையை எழுத வேண்டாம் என்பது சரி. கூலி உண்டு என்பதையே மறைச்சால்தான் உறவு முறியும். நான் ஓய்வெடுத்த வருசம் ஒருவருக்கு அப்படித்தான் எழுதினேன். ஏழு மாதம் தேத்தண்ணியும் இராப் பத்து மணிக்குத் தொலைபேசி அழைப்பும்தான். பிறகு நான் காசு கேட்டபோது அவர் முகம் மாறினது. இன்றுவரை கதை இல்லை.

கொக்குவில் வாசகர்: என்ர மகன் பட்டதாரி. அவருக்கும் இப்பிடி ஒரு கடிதம் எழுதித் தருவீங்களோ?

பதில்: அது வேலை விண்ணப்பம், அம்மா. அதை மகன் தன் பெயரில் எழுதட்டும்.

பருத்தித்துறை வாசகர்: ஊழியர் சேமலாப நிதியை எடுத்திட்டன். ஆலோசகரா வேலை செய்தால் திரும்பவும் வெட்டுவினமோ?

பதில்: செய்த நாளுக்குப் பில் கொடுத்துக் காசு வாங்கினால் இல்லை. நியமனக் கடிதம் தந்து மாதச் சம்பளக்காரராக வைத்தால், உங்களிடம் 8%, முதலாளியிடம் 12% என்று திரும்ப வரும்.

நல்லூர் வாசகர்: பழைய கம்பனியின்ர வாடிக்கையாளர் பட்டியல் கையிலை இருக்கு எண்டு ஒரு வரி போட்டால் கெதியாக் கூப்பிடுவினம்.

பதில்: போடாதேங்கோ. அது பழைய முதலாளியின்ர சொத்து. இன்று அதைத் தருகிறவர் நாளைக்குத் தன்ர கணக்கையும் வெளியில் கொடுப்பார் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். அச்சுத் தூக்கும் நேரம் உங்கட கைப்பழக்கம், அதைச் சொல்லித் தரலாம்.

குருநகர் வாசகர்: அப்ப பழைய முதலாளிக்கு முதலே சொல்லோணுமோ?

பதில்: உங்கட பழைய நியமனக் கடிதத்தில் தடை இருக்கோ என்று முதலில் பாருங்கோ. இல்லாட்டில் நான் சொல்லிவிட்டுத்தான் போவேன். சொல்லத் தேவையில்லை என்கிற அனுபவசாலிகளும் இருக்கினம். ஏற்றுமதிக்காரர் இனி வெளியாருக்கும் ஐஸ் விற்பாரோ என்று கேட்டுப் பாருங்கோ. விற்றால் அவர் பழைய முதலாளிக்குப் போட்டி, கதை வேறு.